சம்மட்டி எந்த பிரேமில் விழ வேண்டும்?

அனிமேஷன் படம் ஒன்றில் கொல்லர் சம்மட்டியை ஓங்கிப் பழுத்த இரும்பின் மேல் போடுகிறார். பின்னணி இசையில் அதே நேரத்தில் டிரம் அடி ஒன்று விழுகிறது. இரண்டும் சேர்ந்து விழுந்தால் பார்ப்பவருக்கு அது தனியாகத் தெரிவதே இல்லை. சம்மட்டிதான் அந்தச் சத்தத்தை எழுப்பியது என்று மனம் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். சம்மட்டி நான்கு பிரேம் பிந்தி விழுந்தால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். என்ன கோளாறு என்று அவரால் சொல்ல முடியாது. ஆனால் படம் ஏதோ தளர்வாக இருப்பதாகத் தோன்றும். நான்கு பிரேம் என்பது ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்குதான்.

காட்சி வெட்டுகளுக்கும் இதே கதைதான். ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவும் கட், இசையின் பீட்டோடு பொருந்தும்போது பாட்டே படத்தை இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும். பொருந்தாதபோது படமும் பாட்டும் தனித்தனியாக ஓடும். இதைச் சரிசெய்ய எடிட்டர்கள் செய்யும் வேலை வெளியே சொன்னால் எளிது. பாட்டின் ஒலியை அலைவடிவமாகத் திரையில் விரித்து, பீட் விழும் இடங்களில் மார்க்கர் என்ற சிறு அடையாளங்களை வைத்து, அந்த அடையாளங்களில் காட்சியை வெட்டுகிறார்கள். அந்த அடையாளத்தை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சிக்கல் வந்துவிட்டது. 1928இல் வால்ட் டிஸ்னியின் குழு மிக்கி மவுஸை வைத்து ‘ஸ்டீம்போட் வில்லி’ என்ற ஒலிப்படத்தை எடுத்தபோது, படம் வரைவது ஒருபக்கம், இசைக்குழு வாசிப்பது இன்னொரு பக்கம். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? வில்ஃபிரட் ஜாக்சன் என்ற இளம் கலைஞரின் தாயார் பியானோ சொல்லிக்கொடுப்பவர். அதனால் தாளத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவி ஜாக்சனுக்குப் பழக்கம். திரையில் வினாடிக்கு 24 பிரேம் ஓடும், மெட்ரோனோம் நிமிடத்துக்கு இத்தனை முறை தட்டும் என்றால் ஒரு தட்டுக்கு எத்தனை பிரேம் என்று வகுத்துவிடலாமே என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ஓவியர்கள் அந்தக் கணக்குப்படி வரைந்தார்கள். எந்தப் படம் எந்தத் தட்டில் வரும் என்று இசைக் குறிப்புத்தாள் போன்ற ஒரு தாளில் எழுதி வைத்தார்கள். அப்படியும் முதல் ஒலிப்பதிவில் இசைக்குழுவால் படத்தோடு சேர்ந்து வாசிக்க முடியவில்லை. பிறகு தாளத்துக்கு ஏற்பத் துள்ளும் ஒரு பந்தைப் படச்சுருளிலேயே பதித்துக் காட்டியபின்தான் பதிவு சரியாக வந்தது. அந்தப் பந்து இன்றைய மார்க்கரின் மூதாதை.

ஜாக்சன் போட்ட வகுத்தல் கணக்கு இன்றும் மாறவில்லை. நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பதை இசைக்காரர்கள் பிபிஎம் என்பார்கள். 24 பிரேம் ஓடும் படத்தில் நிமிடத்துக்கு 1,440 பிரேம். பாட்டு 120 பிபிஎம் என்றால் ஒரு பீட்டுக்குச் சரியாக 12 பிரேம். 90 பிபிஎம் என்றால் 16. பழைய கார்ட்டூன் ஸ்டுடியோக்களில் இசையமைப்பாளர்கள் வேகத்தையே பிரேம் எண்ணிக்கையில்தான் பேசினார்கள், ‘இது பன்னிரண்டு பிரேம் பாட்டு’ என்பது போல. முழு எண்ணாக வரும் வேகத்தைத் தேர்ந்தெடுத்து இசையமைப்பது அவர்கள் கையில் இருந்தது. இன்று நம்மில் பலர் ஏற்கெனவே முடிந்த பாட்டை எடுத்து அதற்குப் படம் செய்கிறோம். அந்தப் பாட்டின் வேகம் நம் பிரேம் கணக்குக்கு இசைந்து வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அங்கேதான் அலைவடிவம் தேவைப்படுகிறது.

எடிட்டிங் மென்பொருளில் பாட்டை டைம்லைனில் போட்டதும் அதன் உடம்பில் ஓர் உருவம் தெரியும். இடமிருந்து வலமாக நேரம், மேலும் கீழுமாக ஒலியின் வலிமை. சில மென்பொருள்களில் இதைக் காட்டும் வசதியைத் தனியாக இயக்க வேண்டியிருக்கும். அலைவடிவம் எவ்வளவு சத்தம் என்பதை மட்டுமே சொல்லும். எந்தச் சுரம், எந்த வாத்தியம் என்பதைச் சொல்லாது. டிரம், தவில், கைத்தட்டல் போல ஓங்கி அடிக்கும் ஒலிகள் இதில் தெளிவாகத் தெரியும். இடப்பக்கம் செங்குத்தாக ஒரேயடியாக எழும், வலப்பக்கம் சரிந்து இறங்கும். வயலினோ புல்லாங்குழலோ மெல்லத் தொடங்கினால் இரு பக்கமும் சரிவாக இருக்கும், எங்கே தொடங்கியது என்று கண்ணால் பிடிக்க முடியாது.

மார்க்கர் வைக்க வேண்டிய இடம் அந்தச் செங்குத்துச் சுவரின் அடி. உச்சி அல்ல. புதிதாகச் செய்பவர்கள் உயரமான முனையில்தான் அடையாளம் வைப்பார்கள், கண் அங்கேதான் போகும். டிரம்மில் சுவருக்கும் உச்சிக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் தப்பித்துவிடலாம். ஆனால் மெல்ல வீங்கும் ஒலிகளில் உச்சி வருவதற்குள் இரண்டு மூன்று பிரேம் கடந்திருக்கும். ஒலி பிறந்த இடத்தைத்தான் காது பீட் என்று எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு ஏமாற்று, உயரமாக இருப்பதெல்லாம் பீட் என்று நினைப்பது. பாடகரின் குரல் பெரும்பாலும் டிரம்மை விட அகலமாக வீங்கித் தெரியும். ஆனால் பாடும் வரி தாளத்தோடு சேர்ந்தே தொடங்க வேண்டும் என்று விதி இல்லை. கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு இது புதிதல்ல. தாளத்தின் சமம் ஓரிடத்தில் விழும், பாட்டின் எடுப்பு அரை அட்சரமோ முக்கால் அட்சரமோ தள்ளி வரும். அலைவடிவத்தில் எடுப்பு பெரிய வீக்கமாகத் தெரியும், சமம் வெறும் பள்ளமாகக் கூட இருக்கலாம். வீக்கத்தில் மார்க்கர் வைத்தால் படம் முழுவதும் எடுப்பில் வெட்டப்பட்டுக்கொண்டே போகும். அதை வேண்டுமென்றே செய்தால் அழகு, தெரியாமல் செய்தால் தள்ளாட்டம். ஆகவே முதலில் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுப் பாட்டைக் கேட்க வேண்டும். எது பீட் என்பதைக் காது சொல்லட்டும். அது எந்தப் பிரேமில் இருக்கிறது என்பதை மட்டும் அலைவடிவத்திடம் கேட்டால் போதும்.

இந்தக் காலத்து வணிகப் பாடல்கள் பலவற்றில் வேறொரு தொல்லையும் உண்டு. சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி அமுக்கி வெளியிடுவதால் அலைவடிவம் முழுக்கச் சுவர் வைத்தது போல ஒரே மட்டமாக இருக்கும், எந்த முனையும் தெரியாது. அப்போது பாட்டை இன்னொரு தடத்தில் நகல் எடுத்து, அந்த நகலில் ஈக்வலைசர் போட்டுத் தாழ்ந்த ஒலிகளை மட்டும் விட்டுவைப்பது ஒரு வழி. குரலும் கிடாரும் மங்கிப்போகும், அடித்தள டிரம்மின் முனைகள் வெளியே வரும். ஒன்று கவனிக்க வேண்டும். பல எடிட்டிங் மென்பொருள்களில் விளைவு சேர்த்தாலும் திரையில் தெரியும் அலைவடிவம் மாறாது, அது மூலக் கோப்பையே காட்டிக்கொண்டிருக்கும். அந்த நகலைத் தனி வேவ் கோப்பாக எழுதி மறுபடி உள்ளே கொண்டுவந்தால்தான் புதிய உருவம் தெரியும். மார்க்கர் எல்லாம் வைத்து முடித்ததும் அந்த நகலை நீக்கிவிடலாம்.

மார்க்கர் வைக்கப் பெரும்பாலான மென்பொருள்களில் M விசையைத் தட்டினால் போதும். பாட்டு ஓடும்போதே பீட்டுக்கு பீட் M தட்டிக்கொண்டு போகலாம். பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கேதான் பிழை நுழைகிறது. சீரான தாளத்தோடு சேர்ந்து விரலால் தட்டச் சொன்னால் மனிதர்கள் பொதுவாகத் தாளத்துக்குச் சற்று முந்தியே தட்டுகிறார்கள் என்பது உளவியல் சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. முந்தும் அளவு ஆளுக்கு ஆள் மாறும், இசைப்பயிற்சி உள்ளவர்களுக்குக் குறைவாக இருக்கும். இன்னொரு பக்கம் ப்ளூடூத் ஹெட்போன் இருக்கிறது. ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்குள் பத்தில் ஒரு வினாடி, சமயத்தில் அதற்கு மேலும் கடந்துவிடும். டைம்லைனின் கோடு பீட்டைத் தாண்டிப் போனபிறகுதான் உங்கள் காதுக்கு பீட் கேட்கும். தாமதத்தை மென்பொருள் ஈடுகட்டாவிட்டால் நீங்கள் சரியாகத் தட்டினாலும் மார்க்கர் இரண்டு மூன்று பிரேம் பிந்தி உட்காரும்.

எது நடந்திருக்கிறது என்பதை அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். எல்லா மார்க்கர்களும் சுவர்களுக்கு வலப்புறம் ஒரே தூரத்தில் நின்றால் குற்றவாளி கருவி. கம்பியுள்ள ஹெட்போனுக்கு மாறுங்கள், மார்க்கர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இடப்புறம் நகர்த்துங்கள். ஒன்று முந்தி, ஒன்று பிந்தி என்று கலைந்து நின்றால் அது கை. ஒவ்வொன்றாகத்தான் சுவரடிக்கு இழுத்து வைக்க வேண்டும். தட்டி வைத்த மார்க்கரை வெறும் உத்தேசம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி முடிவு அலைவடிவத்துடையது.

கொல்லர் பட்டறைக்கே போவோம். ஒரு சிறிய அனிமேஷன், வினாடிக்கு 24 பிரேம். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். படம் வரைவதும் எடிட் செய்வதும் அதிலேயே முடியும். பாட்டு நான்கு நான்கு பீட்டாகப் போகும் சாதாரண நடை. தொடக்கத்தில் கொஞ்சம் மௌனம் இருக்கிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதல் டிரம்மின் சுவர் 1.25ஆவது வினாடியில் எழுகிறது. வினாடிக்கு 24 என்ற கணக்கில் அது 30 பிரேம் தள்ளி. ஆனால் பிளெண்டரில் டைம்லைன் வழக்கமாக 0இல் தொடங்காது, 1இல் தொடங்கும். ஆகவே முதல் பீட் 31ஆம் பிரேம். இந்த ஒன்றை மறந்து எல்லாக் கணக்கையும் ஒரு பிரேம் பிசகாகப் போடுபவர்கள் உண்டு.

பாட்டின் வேகம் நமக்குத் தெரியாது. கண்டுபிடிக்க அடுத்த பீட்டை அளக்கக் கூடாது, தூரத்து பீட்டை அளக்க வேண்டும். முதல் பீட்டிலிருந்து எண்ணிக்கொண்டே போய் இருபது பீட் தள்ளி, அதாவது இருபத்தொன்றாவது பீட்டின் சுவரைப் பார்க்கிறோம். அது 319ஆம் பிரேமில் இருக்கிறது. நடுவே 288 பிரேம். இருபதால் வகுத்தால் ஒரு பீட்டுக்கு 14.4 பிரேம், அதாவது 100 பிபிஎம். சுவரைப் பார்த்ததில் ஒரு பிரேம் பிசகியிருந்தாலும் அந்தப் பிசகு இருபது பங்காகப் பிரிந்துபோகும். பக்கத்து பீட்டை மட்டும் அளந்திருந்தால் 14 என்றோ 15 என்றோதான் கிடைத்திருக்கும், இரண்டும் தவறு.

அந்தத் தவறு எவ்வளவு பெரிதாகும் என்று பாருங்கள். பதினான்கு பதினான்காகத் தாண்டி மார்க்கர் வைத்துக்கொண்டே போனால் இருபது பீட்டில் 280 பிரேம்தான் வந்திருக்கும். பாட்டு 288இல் இருக்கும். எட்டு பிரேம் முந்திவிட்டோம், வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. பதினைந்தாகத் தாண்டினால் 12 பிரேம் பிந்திவிடுவோம். முதல் நான்கு பீட்டுகளில் எதுவும் தெரியாது, அதனால்தான் இந்தப் பிழை நயவஞ்சகமானது. சரியான வழி, ஒவ்வொரு பீட்டையும் முந்தைய மார்க்கரிலிருந்து கணக்கிடாமல் முதல் பீட்டிலிருந்தே கணக்கிட்டு, கடைசியில் மட்டும் முழு எண்ணுக்குக் கொண்டுவருவது. முதல் பீட் 31. அடுத்தது 45.4, ஆக 45. பிறகு 59.8, ஆக 60. பிறகு 74.2, ஆக 74. பிறகு 88.6, ஆக 89. அதற்கடுத்து முழுசாக 103. இடைவெளிகள் 14, 15, 14, 15, 14 என்று மாறி மாறி வருகின்றன. எந்த மார்க்கரும் உண்மையான பீட்டிலிருந்து அரை பிரேமுக்கு மேல் விலகுவதில்லை, விலகல் சேர்ந்துகொண்டே போவதும் இல்லை.

இருபது மார்க்கரையும் வைத்துவிட்டு, நான்கு பீட்டுக்கு ஒருமுறை வரும் ஆவர்த்தத் தொடக்கங்களுக்கு மட்டும் பெயர் வைப்போம். 31, 89, 146, 204, 261. ஐந்து மார்க்கர்கள், ஐந்து ஆவர்த்தம். இவற்றில் இரண்டு மூன்றை மறுபடி அலைவடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சுவரும் மார்க்கரும் எல்லா இடத்திலும் சேர்ந்தே நின்றால் பாட்டு கம்ப்யூட்டர் தாளத்தில் பதிவானது, கணக்கை நம்பலாம். நடுவில் விலகி மறுபடி சேர்ந்தால் வாசித்தவர்கள் மனிதர்கள். கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த பழைய பதிவுகளில் சரணத்துக்கு வரும்போது வேகம் கொஞ்சம் ஏறுவதும் பல்லவிக்குத் திரும்பும்போது இறங்குவதும் இயல்பு. அத்தகைய பாட்டுக்கு வகுத்தல் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு ஆவர்த்தத்தின் தொடக்கத்தையும் கண்ணால் பார்த்தே மார்க்கர் வைக்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

இப்போது சம்மட்டிக்கு வருவோம். இதுவரை சொன்னதெல்லாம் பீட் எங்கே என்பதைப் பற்றி. பீட்டில் எதை வைப்பது என்பது வேறு கேள்வி. ஆவர்த்தம் தொடங்கும் 146ஆம் பிரேமில் பெரிய டிரம் விழுகிறது. சம்மட்டி ஷாட்டுக்கு அங்கே கட் செய்யலாமா? கூடாது. கட் செய்த பிறகு கொல்லர் சம்மட்டியை ஓங்கி இறக்கவே ஒரு வினாடி ஆகும், இரும்பில் அடி விழும்போது டிரம் எப்போதோ போயிருக்கும். காது எதிர்பார்ப்பது அடியை. ஆகவே அடி விழும் படத்தை 146க்குக் கொண்டுவந்து, கட்டைப் பின்னால் தள்ள வேண்டும். எவ்வளவு பின்னால்? அதையும் ஒரு பீட்டிலேயே வைத்தால் நல்லது. இரண்டு பீட் முந்தினால் 117ஆம் பிரேம். அங்கே கட். சம்மட்டி ஏற்கெனவே தோளுக்கு மேலே இருக்கிறது, 29 பிரேம் கழித்து இரும்பில் விழுகிறது. சின்ன பீட்டில் கட், பெரிய பீட்டில் அடி.

எடிட்டர்கள் இதற்குக் கிளிப் மேலேயே ஒரு மார்க்கர் வைப்பதுண்டு. ஷாட்டுக்குள் அடி விழும் பிரேமைக் கண்டுபிடித்து அங்கே அடையாளம் வைத்து, டைம்லைன் மார்க்கரோடு அதைச் சேர்த்து நகர்த்துவார்கள். அதன் பிறகே ஷாட்டின் தொடக்கத்தை வேண்டிய இடத்தில் வெட்டுவார்கள். என் கணிப்பில் பீட்டுக்கு எடிட் செய்வதில் தொடக்கக்காரரையும் தேர்ந்தவரையும் பிரிக்கும் கோடு இதுதான். தொடக்கக்காரர் ஷாட்டின் ஓரத்தை மார்க்கரில் ஒட்டுவார். தேர்ந்தவர் ஷாட்டின் உள்ளே நடக்கும் செயலை ஒட்டுவார்.

முப்பரிமாண அனிமேஷனாக இருந்தால் பிளெண்டரில் இன்னொரு வசதியும் இருக்கிறது. டைம்லைன் மார்க்கரோடு ஒரு கேமராவைப் பிணைத்துவிடலாம். ஒரு கேமராவையும் ஒரு மார்க்கரையும் தேர்ந்தெடுத்து Ctrl B தட்டினால், அந்த மார்க்கர் வந்ததும் படம் அந்தக் கேமராவுக்குத் தாவும். மார்க்கரை இரண்டு பிரேம் நகர்த்தினால் கட்டும் கூடவே நகரும். வெட்டி ஒட்டும் வேலையே இல்லை.

கையால் வரையும் அனிமேஷனில் ஒரு நுணுக்கம் குறுக்கே வரும். ஒவ்வொரு பிரேமுக்கும் புதுப்படம் வரைவது அபூர்வம். பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பிரேம் நிறுத்தி வைப்பார்கள், ஜப்பானிய அனிமே தொடர்களில் மூன்று பிரேம் நிறுத்துவதும் சகஜம். நம் ஷாட் 117இல் தொடங்கி இரண்டிரண்டாகப் போனால் புதுப்படம் வரும் பிரேம்கள் 119, 121 என்று ஒற்றைப்படையாகவே அமையும். அடி விழும் படத்தை 146இல் வைக்கவே முடியாது. 145 அல்லது 147தான். எதை எடுப்பது?

தயங்காமல் 145ஐ எடுக்க வேண்டும். படம் சற்று முந்தி ஒலி சற்றுப் பிந்தி வந்தால் மனம் பொறுத்துக்கொள்ளும், ஒலி முந்திப் படம் பிந்தினால் பொறுக்காது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரும் பரிந்துரையில், ஒலி 45 மில்லி வினாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்றும், பிந்தினால் 125 மில்லி வினாடி வரை தெரியாது என்றும் இருக்கிறது. நம் கணக்கில் முதலாவது ஒரு பிரேம், இரண்டாவது மூன்று பிரேம். காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. தூரத்தில் துணி துவைப்பவர் துணியைக் கல்லில் அடிப்பதை முதலில் பார்க்கிறோம், சத்தம் பிறகுதான் வருகிறது. ஒலி ஒரு பிரேம் நேரத்தில் ஏறக்குறைய 14 மீட்டர்தான் போகும். சத்தம் முதலில் வந்து அடி பிறகு விழும் உலகத்தில் யாரும் வாழ்ந்ததில்லை. அனிமேஷன்காரர்கள் அடியை ஒன்றிரண்டு பிரேம் முன்னாலேயே வைத்துவிடும் வழக்கமும் இதனால்தான். கட்டுக்கும் இது பொருந்தும். புதுப்படம் கண்ணில் பதியச் சற்று நேரம் எடுக்கும், ஆகவே மார்க்கருக்கு ஒரு பிரேம் முன்னால் வெட்டிய கட், மார்க்கரிலேயே வெட்டியதைவிடப் பல நேரம் கச்சிதமாகத் தெரியும்.

ஏற்கெனவே வரைந்து முடித்த காட்சிகளை வெட்டும்போது வேறொரு விபத்து நேரும். மூன்று பிரேமாக நிற்கும் படத்தின் நடுவே வெட்டினால் பிரச்சினையில்லை. ஆனால் மூல வீடியோவில் ஷாட் மாறும் இடத்தை ஒரு பிரேம் தாண்டி வெட்டிவிட்டால் அடுத்த ஷாட்டின் ஒற்றைப் பிரேம் உங்கள் படத்தில் மின்னிவிட்டுப் போகும். ஓட்டிப் பார்க்கும்போது ‘இங்கே ஏதோ சிமிட்டியது’ என்று மட்டும் தோன்றும். ஒவ்வொரு கட்டிலும் நின்று, அம்புக்குறி விசையால் ஒரு பிரேம் முன்னும் ஒரு பிரேம் பின்னும் நகர்ந்து பார்ப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

மார்க்கர் எல்லாம் சரியாக இருந்தும் ஓட்டும்போது படமும் பாட்டும் விலகுவதாகத் தோன்றினால், எதையும் நகர்த்துவதற்கு முன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, ஓட்டும் முறை. பிளெண்டரில் எல்லா பிரேமையும் காட்டு என்ற அமைப்பில் இருந்தால், கனமான காட்சி மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும்போது பாட்டு தன்பாட்டுக்கு ஓடிவிடும். Sync to Audio என்று மாற்றினால் சில பிரேமைத் தவிர்த்துவிட்டுப் படம் பாட்டோடு சேர்ந்துகொள்ளும். இதை அறியாமல் சரியான மார்க்கர்களைப் ‘பழுதுபார்த்து’ கெடுப்பவர்கள் நிறைய. இரண்டாவது, பிரேம் வேகம். புராஜெக்ட் 24 என்று நினைத்துக் கணக்குப் போட்டிருப்போம், அமைப்பில் 23.976 என்று இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம்தான். ஆனாலும் நான்கு நிமிடப் பாட்டின் முடிவில் அது ஆறு பிரேமாகி நிற்கும். மூன்றாவது, பாட்டின் கோப்பு. எம்பி3 கோப்புகளின் தொடக்கத்தில் சுருக்கும்போதே கொஞ்சம் மௌனம் சேர்ந்துவிடும். அதை ஒரு மென்பொருள் வெட்டிவிடும், இன்னொன்று வெட்டாது. ஓரிடத்தில் வைத்த மார்க்கர் வேறிடத்தில் ஒரு பிரேம் பிசகும். தொடக்கத்திலேயே வேவ் கோப்பாக மாற்றிக்கொண்டு அதை வைத்தே கடைசிவரை வேலை செய்வது நிம்மதி.

இத்தனையும் செய்து இருபது மார்க்கரும் வைத்தபின் இருபதிலும் கட் செய்யும் ஆசை வரும். செய்யாதீர்கள். 100 பிபிஎம் பாட்டில் பீட்டுக்கு ஒரு கட் என்றால் ஒவ்வொரு ஷாட்டும் அரை வினாடிக்குச் சற்று மேல்தான் நிற்கும். நான்கு ஷாட்டில் பார்ப்பவருக்குப் பழகிவிடும், எட்டாவதில் அலுத்துவிடும், அடுத்த கட் எங்கே என்று அவருக்கே தெரிந்துவிட்டால் பிறகு எந்த அடியும் அடியாக இருக்காது. கொல்லர் படத்துக்கு ஆறு கட் தாராளம். துருத்தியையும் அடுப்பையும் ஒரு முழு ஆவர்த்தம் விட்டுவிடலாம். சம்மட்டி விழுந்ததும் தீப்பொறியை இரண்டு பீட் காட்டி 175இல் முகத்துக்குப் போகலாம். கடைசி ஆவர்த்தத்தில் வேண்டுமானால் பீட்டுக்குப் பீட் வெட்டலாம். முன்னால் பொறுத்திருந்ததால் அது அப்போது எடுபடும். வெட்டாத பீட்டிலும் ஏதாவது நடக்கலாம், ஒரு கண் சிமிட்டல், ஒரு பொறி அணைவது. மார்க்கர் கட்டுக்கான ஆணை அல்ல, பாட்டு எங்கே நிற்கிறது என்ற தகவல் மட்டுமே.

வேலை முடிந்து படத்தை ஏற்றுமதி செய்ததும் இன்னும் ஒரு சோதனை பாக்கி. முடிந்த கோப்பைப் புதிய புராஜெக்ட் ஒன்றில் திரும்ப உள்ளே கொண்டுவாருங்கள். முதல் பீட்டின் சுவரையும் கடைசி பீட்டின் சுவரையும் மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டிலும் படம் அதே பிரேமில் மாறினால் அனுப்பிவிடலாம். இரண்டும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் பாட்டை மொத்தமாக அவ்வளவு பிரேம் தள்ளுங்கள். முதல் பீட் பொருந்திக் கடைசி மட்டும் விலகியிருந்தால் பிரேம் வேக அமைப்பைத் திறந்து பாருங்கள், மார்க்கர்களைத் தொடாதீர்கள்.